செலவான மணி நேரமா, மிச்சமிருக்கும் வேலையா: மொத்த விலை ஒப்பந்தத்தில் எதை வைத்துக் கணக்குப் பார்ப்பது?

நாங்கள் மூன்று பேர். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடை வரிசையின் மேல்மாடியில் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்தை ஒட்டிய தொழில்காரர்கள், லாரி வைத்திருப்பவர்கள், உரக்கடைக்காரர்கள். அவர்கள் யாரும் மணிக் கணக்கில் கூலி பேச மாட்டார்கள். “மொத்தமா எவ்வளவு? எப்ப முடியும்?” இந்த இரண்டு கேள்விதான். விலையை ஒருமுறை சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஆகிற ஒவ்வொரு மணி நேரமும் நம் கையிலிருந்துதான் போகும். அதனால் வேலை நடக்கும்போதே பணம் எந்த வேகத்தில் கரைகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

அதைத் தெரிந்துகொள்ள நான்கு வழிகளைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறோம். ஒரே வேலை, ஒரே நாள், ஒரே டைம்ஷீட். ஆனால் நான்கும் நான்கு விடை சொல்லின. எந்த விடையை நம்பி முடிவெடுப்பது என்பதைத்தான் ஒரு வேலையை எடுத்துக்கொண்டு சொல்லப்போகிறேன்.

வேலை இதுதான்

சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை வாங்கி ஆலைக்கு அனுப்பும் ஒரு நிலையம். லாரி நிறைந்த வண்டியாக எடை மேடையில் ஏறும், குலையைக் கொட்டும், வெறும் வண்டியாக மறுபடி ஏறும். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் குலையின் எடை. பழுக்காத குலை, நீண்ட காம்பு என்று அதில் கழிவு போகும். பிறகு ரசீது, மாதக் கடைசியில் பணம். இதெல்லாம் அதுவரை கிராணியின் கையெழுத்தில் நோட்டுப் புத்தகத்தில் நடந்துகொண்டிருந்தது. அதைக் கணினிக்கு மாற்ற வேண்டும்.

விலை 48,000 வெள்ளி, தவணை 8 வாரம். எங்கள் உள்கணக்கில் சம்பளம், வாடகை, எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு 60 வெள்ளி ஆகிறது. வேலையை 40 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மணி நேரம் போட்டுக் கூட்டியதில் 600 மணி வந்தது. அப்படியென்றால் செலவு 36,000 வெள்ளி, மிச்சம் 12,000. லாபமும் அதில்தான், ஒப்படைத்த பிறகு மூன்று மாதம் இலவசமாகப் பார்த்துக்கொள்ளும் செலவும் அதில்தான்.

நான்காவது வார வெள்ளிக்கிழமை. டைம்ஷீட்டில் 300 மணி ஆகியிருந்தது. 40 துண்டில் 22 முடிந்திருந்தது, இரண்டு பாதியில் நின்றது, 16 தொடங்கவே இல்லை.

முதல் வழி: மணி நேரத்தை மட்டும் பார்ப்பது

600-இல் 300. 8 வாரத்தில் 4. பாதி நாள், பாதி மணி. பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது.

இந்தக் கணக்கு உண்மையில் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: மூன்று பேரும் லீவு எடுக்காமல் வேலைக்கு வந்தார்கள். வாரத்துக்கு 75 மணி வேலை செய்தால் நான்கு வாரத்தில் 300 மணி ஆகத்தான் செய்யும். வேலை ஓர் அங்குலம் நகராமல் இருந்திருந்தாலும் இதே எண்தான் வந்திருக்கும். கையிலே எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் தெரியும், போக வேண்டிய தூரம் தெரியாது. மாதச் சம்பளக்காரர்களை வைத்து நடத்தும் இடத்தில் இந்த எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

“எத்தனை சதவீதம் முடிஞ்சிருக்கு?” என்று வாய்வார்த்தையாகக் கேட்பதையும் இதோடு சேர்த்துவிடலாம். முதல் இரண்டு வாரத்தில் எழுபது என்பார்கள், அப்புறம் தொண்ணூறு என்பார்கள், கடைசி வரைக்கும் தொண்ணூறுதான்.

இரண்டாவது வழி: முடிந்த துண்டுகளை எண்ணுவது

இதுவாவது வேலையைப் பார்க்கிறது. 22 துண்டு முடிய 300 மணி என்றால் ஒரு துண்டுக்குச் சராசரி 13.6 மணி. மிச்சம் 18 துண்டுக்குச் சுமார் 245 மணி. ஆக மொத்தம் 545. போட்டதைவிட 55 மணி குறைவு. அன்றைக்கு முதலில் இந்தக் கணக்கைத்தான் போட்டேன். மனசுக்கு நிறைவாக இருந்தது.

என் அப்பா தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். பதினொரு மணிக்கு ஆள்களிடம் போய் எத்தனை நிரை முடிந்தது என்று கேட்க மாட்டார். எந்த நிரை மிச்சம் என்று கேட்பார். சமவெளி நிரை பத்தை முடித்துவிட்டு, மேட்டு நிரை நாலை மிச்சம் வைத்தால் அந்த நாலுக்குத்தான் பொழுது போகும் என்று அவருக்குத் தெரியும். எங்கள் பட்டியலும் அப்படித்தான் இருந்தது. முடிந்த 22 துண்டுக்கும் நாங்கள் ஆரம்பத்தில் போட்டிருந்த நேரம் மொத்தம் 240 மணி, அதாவது ஒன்றுக்கு 11 மணி. மிச்சமிருந்த 18 துண்டுக்குப் போட்டிருந்தது 360 மணி, ஒன்றுக்கு 20 மணி. லாகின் பக்கம், லாரி எண் பதிவு, தோட்டக்காரர் பெயர்ப் பட்டியல் என்று சின்னதும் தெரிந்ததும் முதலில் போய்விடும். எடை மேடை இணைப்பு, கழிவுக் கணக்கு, மாதப் பட்டுவாடா எல்லாம் பின்னால் தங்கிவிடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் எல்லா வேலையிலும் இப்படித்தான் நடக்கிறது.

எல்லாத் துண்டும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் எண்ணுவது போதும். எங்கள் பட்டியலில் 4 மணித் துண்டும் இருந்தது, 45 மணித் துண்டும் இருந்தது.

மூன்றாவது வழி: போட்ட நேரத்தையும் ஆன நேரத்தையும் வைத்து விகிதம் எடுப்பது

இதன் வேர் பெரிய இடத்தில் இருக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1967-இல் தன் ஒப்பந்தக்காரர்களுக்கு விதித்த செலவுக் கட்டுப்பாட்டு முறையிலிருந்து வளர்ந்தது. செலவழித்ததை எண்ணாதே, செலவழித்து ஈட்டியதை எண்ணு என்பது அதன் சாரம். மூன்று பேர் அலுவலகத்துக்கு அதன் முழுப் படிவமும் தேவையில்லை, ஒரே ஒரு வகுத்தல் போதும்.

முடிந்த 22 துண்டுக்கு நாங்கள் போட்ட நேரம் 240 மணி. அதே 22-க்கு டைம்ஷீட்டில் ஆனது 272 மணி. மீதி 28 மணி பாதியில் நிற்கும் இரண்டு துண்டில் போயிருந்தது. 272-ஐ 240-ஆல் வகுத்தால் 1.13. நாங்கள் 100 மணி என்று சொன்னால் 113 மணி ஆகிறது என்று பொருள். மிச்சமும் அதே போக்கில் போனால் 360 மணி 408 ஆகும். அதில் 28 ஏற்கனவே ஆகிவிட்டது. இனி 380 மணி வேண்டும். மொத்தம் 680.

இங்கே பலர் வழுக்கும் ஓர் இடம் இருக்கிறது. முழுச் செலவான 300-ஐ 240-ஆல் வகுத்துவிடுவார்கள். விகிதம் 1.25 வரும், மொத்தம் 750 மணி என்று பயமுறுத்தும். பாதியில் நிற்கும் வேலைக்கு ஆன மணியைச் செலவில் சேர்த்துவிட்டு, அதன் பலனைச் சுழியமாக வைப்பதால் வரும் கோளாறு இது. நூற்றுக்கணக்கான துண்டுகள் உள்ள வேலையில் இது பெரிதாகத் தெரியாது. 40 துண்டில் நன்றாகத் தெரியும். முடிந்ததை முடிந்ததோடு மட்டும் ஒப்பிட வேண்டும்.

இந்த வழியின் பெரிய பலம், யாருடைய நம்பிக்கையும் இதற்குள் நுழைய முடியாது என்பதுதான். ஆரம்பத்தில் எழுதி வைத்த எண்ணும் டைம்ஷீட்டும் மட்டும்தான் பேசும். பலவீனமும் அதுவே. முடிந்த வேலையின் போக்கு மிச்ச வேலைக்கும் பொருந்தும் என்று நம்புகிறது, பட்டியலில் எழுத மறந்த வேலையோ அதன் கண்ணுக்கே தெரியாது. முதல் இரண்டு வாரத்தில் நாலைந்து துண்டு முடிந்திருக்கும்போது இந்த விகிதத்தைப் பார்க்கவும் கூடாது. ஒரே ஒரு துண்டு இழுத்தாலும் எண் தலைகீழாக ஆடும்.

நான்காவது வழி: மிச்ச வேலைக்கு மறுபடி நேரம் போடுவது

வாரத்துக்கு ஒரு தடவை முடியாத துண்டு ஒவ்வொன்றையும் எடுத்து, “இனி இதற்கு எத்தனை மணி வேண்டும்?” என்று அதைச் செய்கிறவரிடம் புதிதாகக் கேட்பது. ஆன மணியோடு இந்த மிச்ச மணியைக் கூட்டினால் மொத்தம் எங்கே போய் நிற்கும் என்று தெரியும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். கேள்வியைத் தப்பாகக் கேட்டால் விடையும் தப்பாகவே வரும். எடை மேடை இணைப்பில் இதை அனுபவித்தோம். அதற்கு ஆரம்பத்தில் 16 மணி போட்டிருந்தோம். இரண்டாவது வாரம் 8 மணி ஆகியிருந்தது, மிச்சம் 8 என்று எழுதியிருந்தது. மூன்றாவது வாரம் ஆனது 14, மிச்சம் 2. நான்காவது வாரம் ஆனது 18. அதைச் செய்த தம்பியிடம் கேட்டேன்.

“இன்னும் ரெண்டு மணி நேர வேலைதான் அண்ணே.”

போன வாரமும் அதே இரண்டு மணி. அவன் பொய் சொல்லவில்லை. 16-இலிருந்து ஆனதைக் கழித்துச் சொல்லிக்கொண்டிருந்தான், கழிக்க ஒன்றும் இல்லாதபோது சின்னதாக ஓர் எண்ணைச் சொன்னான். எத்தனை மணி என்று கேட்பதை விட்டுவிட்டு, “இது முடிஞ்சதுன்னு கையெழுத்து வாங்க இன்னும் என்னென்ன செய்யணும் தம்பி? ஒவ்வொண்ணா சொல்லு” என்றேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

எடை காட்டும் பெட்டியிலிருந்து ஒரு சீரியல் கேபிள் வழியாக எடை கணினிக்கு வருகிறது. யாரும் கேட்காமலே அந்தப் பெட்டி வினாடிக்குப் பல தடவை ஒரு வரியை அனுப்பிக்கொண்டிருக்கும்:

```
US,GS,+0011870kg
ST,GS,+0012340kg
```

முதல் இரண்டு எழுத்துதான் முக்கியம். `US` என்றால் எடை இன்னும் ஆடுகிறது, `ST` என்றால் நிலைத்துவிட்டது. அலுவலகத்தில் இந்த வரிகளை ஒரு கோப்பிலிருந்து கொடுத்துச் சோதித்தபோது எல்லாம் ஒழுங்காக நடந்தது. நிலையத்துக்குப் போனால் வரி முழுசாக வருவதில்லை. பாதி வரி ஒரு தடவையும் மீதி அடுத்த தடவையும் வருகிறது. டிரைவர் என்ஜினை அணைக்காமல் நின்றால் அதிர்வில் `ST` ஒரு கணம் வந்து மறைகிறது, அந்தக் கணத்தில் எங்கள் புரோகிராம் தவறான எடையைப் பிடித்துக்கொள்கிறது. கரண்டு போய் வந்தால் இணைப்பு திரும்புவதில்லை.

உடைந்த வரிகளைச் சேர்த்துப் படிக்க 6 மணி. ஒரே எடை `ST` என்று இரண்டு வினாடி தொடர்ந்து வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளும்படி மாற்ற 8 மணி. கரண்டு போய் வந்தால் தானாக இணைய 4 மணி. நிலையத்துக்குப் போய் உண்மையான லாரியை வைத்துச் சோதிக்க மூன்று தடவை, தடவைக்கு 4 மணி. ஆக 30 மணி.

இதே துண்டைப் பற்றி மூன்றாவது வழி என்ன சொல்கிறது என்று பாருங்கள். போட்டது 16 மணி, விகிதம் 1.13, ஆக வேண்டியது சுமார் 18. ஆனதும் 18. அதன் கணக்கில் இந்த வேலை முடிந்துவிட்டது! விகிதம் பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மற்ற 17 துண்டையும் இதே மாதிரி கேட்டோம். அவற்றுக்கு 370 மணி வந்தது. விகிதம் சொன்ன 380-ஐவிடக் கொஞ்சம் குறைவுதான், அதனால் தம்பிகள் சொன்ன எண்ணில் எனக்கு நம்பிக்கை வந்தது. பேசிக்கொண்டே போகும்போது பட்டியலில் இல்லாத இரண்டு வேலைகள் தலைகாட்டின. தோட்டக்காரர்களின் பழைய விவரங்களை உள்ளே ஏற்றுவது 15 மணி, கிராணிக்குச் சொல்லிக்கொடுப்பது 10 மணி. கூட்டினால் மிச்சம் 425, மொத்தம் 725 மணி. 60 வெள்ளி வீதம் 43,500. கையில் நிற்கப்போவது 12,000 அல்ல, 4,500. வாரத்துக்கு 75 மணி என்றால் 8 வாரத்தில் முடியாது, ஏறக்குறைய 10 வாரம் ஆகும்.

ஒரே நாளில் 545 என்றும் 725 என்றும் இரண்டு எண். இடையில் இருப்பது 10,800 வெள்ளி.

எதைத் தேர்ந்தெடுத்தோம்

நான்காவது வழியை முதன்மையாகவும், மூன்றாவதை அதற்குக் காவலாகவும் வைத்துக்கொண்டோம். இரண்டும் வேறு வேறு இடத்தில் தப்பு செய்யும் என்பதுதான் காரணம். மறுபடி நேரம் போடும்போது மனிதர்கள் நம்பிக்கையில் குறைத்துச் சொல்வார்கள், விகிதத்துக்கு அந்த நம்பிக்கை இல்லை. புதிதாக முளைத்த சிக்கல் விகிதத்துக்குத் தெரியாது, மனிதர்களுக்குத் தெரியும். மறுமதிப்பீடு விகிதத்தைவிட மிகக் குறைவாக வந்தால், “இதுவரை பதின்மூன்று சதவீதம் கூடுதலாக ஆனது, இனிமேல் மட்டும் ஏன் குறையும்?” என்று கேட்கிறேன். காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்வேன். கூடுதலாக வந்தால், எந்தத் துண்டினால் என்று தேடிப் பார்ப்பேன். பெரும்பாலும் ஒன்றிரண்டு துண்டுதான் இருக்கும்.

கருவி ஒரு ஸ்பிரெட்ஷீட் போதும். C வரிசையில் ஆரம்பத்தில் போட்ட நேரம், D-யில் ஆன நேரம், E-யில் மிச்ச நேரம், F-இல் நிலை. C-யை வேலை தொடங்கிய பிறகு யாரும் தொடக்கூடாது. அதை மாற்றினால் விகிதம் செத்துவிடும். மறந்துபோன வேலையைப் புது வரியாகச் சேர்க்கும்போது C-யைக் காலியாக விட்டு E-யை மட்டும் நிரப்ப வேண்டும். அது முடிந்ததும் `done` என்று போடாமல் `extra` என்று போட்டால் விகிதத்தில் கலக்காது.

```
=SUM(D2:D60)+SUM(E2:E60)
=SUMIF(F2:F60,"done",D2:D60)/SUMIF(F2:F60,"done",C2:C60)
```

முதல் வரி மொத்தம் எங்கே நிற்கும் என்று சொல்லும், இரண்டாவது விகிதம். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பேரும் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

மறுமதிப்பீடு உண்மையில் நடக்கிறதா, வெறும் கழித்தல்தானா என்று கண்டுபிடிக்க D-யையும் E-யையும் கூட்டி C-யோடு வைத்துப் பார்ப்பேன். எல்லா வரியிலும் அச்சாகப் பொருந்தினால் யாரும் யோசிக்கவில்லை என்று அர்த்தம். ஒரே துண்டின் மிச்சம் இரண்டு வாரம் அசையாமல் நின்றாலும் அதே சந்தேகம்தான், அந்தத் துண்டை மட்டும் சிறு சிறு வேலையாக உடைத்துக் கேட்க வேண்டும்.

டைம்ஷீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நிலையத்துக்குப் போய் வரும் நேரம், கிராணியோடு போனில் பேசும் நேரம் இவற்றை எழுதாமல் விட்டால் நான்கு வழியுமே அழகாகப் பொய் சொல்லும். வாடிக்கையாளர் புதிதாகக் கேட்பதை இந்த வரிகளோடு சேர்க்காமல் தனித் தாளில் வைக்க வேண்டும். ஐந்தாவது வாரம் ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா என்று முதலாளி கேட்டார். முடியும், 12 மணி ஆகும், 1,200 வெள்ளி என்று தனியாக எழுதிக் கொடுத்தோம். அந்த 12 மணியை 600-இல் கலக்கவில்லை.

அந்த எண்ணை வைத்து என்ன செய்தோம்

நாங்கள் குறைத்துப் போட்ட நேரத்துக்கு வாடிக்கையாளரிடம் பணம் கேட்பது நியாயம் இல்லை, கேட்கவும் இல்லை. ஆனால் நான்காவது வாரத்திலேயே தெரிந்ததால் பேச இடம் இருந்தது. ஒப்பந்தத்தில் தோட்டக்காரர் விவரத்தை அவர்கள் கோப்பாகத் தருவதாக எழுதியிருந்தது. வந்தது நோட்டுப் புத்தகங்கள். அதைக் காட்டியதும் கிராணியே தட்டச்சு செய்துவிடுவதாக முதலாளி ஒத்துக்கொண்டார், 15 மணி போயிற்று. வரைபடங்களோடு கேட்டிருந்த டாஷ்போர்டுக்கு 45 மணி ஆகும், அதே விவரம் சாதாரண அட்டவணையாக வேண்டுமானால் 15 மணிதான் என்று இரண்டையும் தாளில் வரைந்து காட்டினேன். “எனக்கு இன்னிக்கு எத்தனை டன் வந்தது, யாருக்கு எவ்வளவு கொடுக்கணும், அது தெரிஞ்சா போதும்பா” என்றார். ஒரு வாரம் தள்ளிப்போகும் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிட்டோம். எதிர்பார்ப்பு 680 மணிக்கு இறங்கியது.

முடிவில் 698 மணி ஆனது. எடை மேடை இணைப்புக்கு 30-க்குப் பதில் 41 மணி. தூரத்திலிருந்து வந்த ஒரு லாரி மேடையைவிட நீளமாக இருந்தது, அதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. மற்ற துண்டுகள் எல்லாம் சேர்ந்து 7 மணிதான் கூடின. செலவு 41,880, மிச்சம் 6,120 வெள்ளி.

எல்லா வேலைக்கும் இரண்டு வழியும் வேண்டியதில்லை. ஒரே மாதிரி முப்பது படிவம், முப்பது அறிக்கை செய்யும் வேலையில் விகிதம் மட்டுமே போதும், யாரையும் உட்கார வைத்துக் கேட்க வேண்டாம். பத்துப் பன்னிரண்டு துண்டே உள்ள சின்ன வேலையில் விகிதத்துக்குப் பிடிமானம் கிடையாது, மறுமதிப்பீடு மட்டும்தான். வெளிக் கருவியோடு இணைக்கும் துண்டு எதுவாக இருந்தாலும், அது எடை மேடையோ பிரிண்டரோ, இப்போதெல்லாம் முதல் வாரத்திலேயே இடத்துக்குப் போய் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் C வரிசையில் எண்ணை எழுதுகிறோம்.